கிழமையை எழுதுங்கள், ஐயா!

இந்தக் கட்டுரையைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல் கோபம் உடம்புக்கு ஆகாது என்பார்கள். இந்தக் கோபத்தை உள்ளே வைத்திருந்தால் அது அதைவிட ஆகாது.

என் மனைவியின் தம்பிக்குச் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், தலை என்று தொடங்கி முதுகு முழுக்கப் பரவி, வெள்ளி வெள்ளியாகச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. களிம்புகள் பூசிப் பூசி அலுத்துப்போய், தோல் மருத்துவர் ஒருவர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறான மருந்து இல்லை. எனக்கும் அதே வியாதி, நானும் பல வருடங்களாக அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். அதனால் அவன் என்னிடம் கேட்டான்:

"மாமா, இது கேன்சருக்குக் கொடுக்கிற மாத்திரையாமே, சாப்பிடலாமா?"

"பயப்படாதே, எனக்கு நல்லாக் கேட்டது. தைரியமாச் சாப்பிடு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். "வாரத்துக்கு ஒரு நாள்தான்" என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு மாதிரி பழகிப்போன விஷயம். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் குற்றம் சொல்லப்போகும் ஆட்களில் முதல் ஆள் நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சீட்டில் இருந்தது இதுதான். எம்.டி.எக்ஸ் என்று மூன்று எழுத்து, பக்கத்தில் 2.5, அதன் பக்கத்தில் 3, கடைசியில் டபிள்யூ மாதிரி ஒரு வளைவு. அந்த வளைவுக்கு அர்த்தம் "வாரம்". மருந்துக்கடைப் பையன் கண்ணுக்கு 3 தெரிந்தது, வளைவு தெரியவில்லை. மூன்று மாத்திரை என்றால் காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. கவர் மேல் 1-1-1 என்று அழகாக எழுதி, மூன்று அட்டை கொடுத்து அனுப்பினான். மாதத்துக்குத் தேவையானது பன்னிரண்டு மாத்திரை. அவன் கொடுத்தது முப்பது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்தான். ஐந்தாம் நாள் வாயில் எரிச்சல். உடம்புச் சூடு என்று நினைத்து அவன் மனைவி மோர் கொடுத்தாள், மணத்தக்காளிக் கீரையில் கூட்டு வைத்தாள். நம் வீடுகளில் வாய்ப்புண்ணுக்கு அதுதானே வழக்கம்? வாய்ப்புண்ணோடு இரண்டு வேளை மாத்திரையும் தவறாமல் கொடுத்தாள், மூன்றாவது வேளையும் கொடுத்தாள். ஏழாம் நாள் ஈறில் ரத்தம். முதுகில் இருந்த சொரியாசிஸ் திட்டுகள் காய்வதற்குப் பதிலாக உரிந்து, பச்சைப் புண்ணாகி நீர் கசிந்தன. எட்டாம் நாள் காலையில் அவள் போன் பண்ணினாள்.

"அண்ணா, அவரால ஒரு வாய் கஞ்சி கூட முழுங்க முடியல. காய்ச்சல் வேற அடிக்குது."

போனேன். மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணினேன். முப்பத்தைந்து வருடம் பில் சரிபார்த்த கை, முதலில் எண்ணத்தான் போகும். இருபத்தொரு குழி காலி. ஒரு வாரத்துக்கு மூன்று என்றால், இருபத்தொன்று ஏழு வாரத்து அளவு. ஏழு வாரத்து மருந்தை ஏழு நாளில் சாப்பிட்டிருக்கிறான். என் கை நடுங்கிவிட்டது.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் 1,400. குறைந்தது 4,000 இருக்க வேண்டும். பிளேட்லெட் 38,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாது. கிரியாட்டினின் 1.8. பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்தான். பிழைத்துவிட்டான். அதனால்தான் இதைக் கட்டுரையாக எழுத முடிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏன் வாரத்துக்கு ஒரு நாள்? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

நம் தோல் சாதாரணமாக ஒரு மாதத்துக்கு ஒரு முறை அடியிலிருந்து புதிதாக வளர்ந்து மேலே வரும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது நாலைந்து நாளில் வந்துவிடும். அவசரத்தில் வளர்ந்த தோல்தான் செதிலாக உதிர்கிறது. அணுக்கள் இப்படிப் பெருகுவதற்கு ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் செய்வது என்ன? அந்த வைட்டமினை உடம்பு உபயோகிக்கும் வழியை அடைக்கிறது. சொரியாசிஸில் எல்லை மீறும் தற்காப்பு அணுக்களையும் அது அடக்குகிறது. அவசரம் குறைகிறது, தோல் அமைதியாகிறது.

ஆனால் உடம்பில் அவசரமாகப் பெருகுவது சொரியாசிஸ் தோல் மட்டும் இல்லை. வாயின் உள்தோல், குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ரத்த அணுக்கள், இவையும் அப்படித்தான். வாரத்துக்கு ஒரு நாள் அடைத்தால், மீதி ஆறு நாளில் இவை மூச்சு வாங்கி எழுந்துவிடும். தினமும் அடைத்தால் எழுந்திருக்க நேரமே கிடைக்காது. அதனால்தான் முதலில் வாயில் புண், அப்புறம் வயிற்றுப்போக்கு, அப்புறம் வெள்ளை அணு குறைந்து காய்ச்சல், பிளேட்லெட் குறைந்து ரத்தக்கசிவு. மாத்திரை சின்னதுதான். ஒரு மாத்திரையால் வந்த ஆபத்து இல்லை இது. இடைவெளி இல்லாமல் போனதால் வந்தது.

இந்த மருந்தின் கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவரும் உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன யெல்லாப்பிரகட சுப்பாராவ். 1940களில் அவர் தலைமையில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில்தான் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்தார்கள். அதற்கு எதிரியான மருந்துகளையும் அங்கேதான் செய்தார்கள். அந்த எதிரி வகை மருந்து ஒன்றைக் கொடுத்தபோது சொரியாசிஸ் திட்டு மறைவதை 1951லேயே கவனித்து எழுதிவிட்டார்கள். ஆக, இது நேற்று வந்த மருந்து இல்லை. எப்படிக் கொடுக்க வேண்டும், எங்கே தவறும் என்பது உலகத்துக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் தவறுவதுதான் என் கோபம்.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் பாருங்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷையரில் 2000ஆம் ஆண்டு ஒரு நோயாளி இந்த மாத்திரையின் அளவுத் தவறால் இறந்துபோனார். உடனே விசாரணை வைத்து, அறிக்கை போட்டு, எங்கெங்கே தவறியது என்று வரிவரியாக எழுதினார்கள். பிரான்சில் அரசு மருந்து நிறுவனம் "ஒருபோதும் நடக்கக்கூடாதவை" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2019ல் ஐரோப்பிய மருந்து முகமை இன்னும் கடுமையாக்கியது. பெட்டி மேலேயே எச்சரிக்கை, நோயாளி கையில் ஓர் அட்டை, அதில் எந்தக் கிழமை என்று எழுத வேண்டும்.

கிழமை! இங்கேதான் நான் நிற்கிறேன். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாரத்தைப் பேச்சில் "உயி ஷூர்" என்பார்கள். எட்டு நாள் என்று அர்த்தம். இரண்டு வாரத்தை "கேன்ஸ் ஷூர்", பதினைந்து நாள் என்பார்கள். எட்டும் எட்டும் பதினைந்தா என்று வகுப்பில் கேட்டு நான் முட்டி போட்டிருக்கிறேன். நம் தமிழிலும் "எட்டு நாளைக்கு ஒரு தரம்" என்றுதானே சொல்கிறோம்? அதாவது, எண்ணிக்கை எந்த மொழியிலும் வழுக்கும். "வாரம்" என்ற சொல்லும் அவசரக் கையெழுத்தில் வழுக்கும். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை" வழுக்காது. ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிய மாத்திரையைத் திங்கட்கிழமை எவனும் சாப்பிட மாட்டான். படிக்காத பாட்டிக்கும் கிழமை தெரியும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவளுக்கு, வியாழக்கிழமை மாத்திரை மறக்குமா?

கிழமையையும் முழுதாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கி "மன்" என்று மூன்றெழுத்து போட்டால் அதை "மார்னிங்" என்று படிக்க ஒரு நிமிடம் ஆகாது. அப்புறம் தினமும் காலையில் என்று ஆகிவிடும்.

"எங்களுக்கு ஒரு நாளைக்கு எண்பது நோயாளி, எழுத நேரம் எங்கே?" என்று மருத்துவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். மருந்தின் பெயரைப் புரியும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016லேயே விதி போட்டாயிற்று. விதி அலமாரியில் தூங்குகிறது. என் அலுவலகத்தில் தேதியில்லாமல் ஒரு கோப்பு மேலே போனால் அன்றைக்கே திரும்பி வரும். ஒரு சைக்கிள் கடன் மனுவுக்குத் தேதி கட்டாயம். ஒரு மனிதனின் எலும்பு மஜ்ஜைக்குக் கிழமை கட்டாயம் இல்லையா? மெத்தோட்ரெக்ஸேட் என்று முழுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எந்தக் கிழமை, எதற்காக. ஐந்தும் எழுத அரை நிமிடம் போதும்.

மருந்துக்கடைக்காரருக்கும் சொல்கிறேன். இந்த மாத்திரையின் கவர் மேல் 1-1-1, 1-0-1, 1-0-0 எதுவுமே எழுதாதீர்கள். அந்த எண்கள் தினசரி மாத்திரைக்கு உண்டானவை. நான்கு வாரத்துக்கு எத்தனையோ அத்தனை மட்டும் வெட்டிக் கொடுங்கள். பன்னிரண்டு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் என் மைத்துனன் நாலாம் நாளே தீர்ந்துபோய்க் கடைக்கு வந்திருப்பான். யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் இது 2.5 மில்லிகிராமிலும் கிடைக்கிறது, 5, 7.5, 10, 15 என்றும் கிடைக்கிறது. போன மாதம் 2.5ல் மூன்று சாப்பிட்டவர், இந்த மாதம் கடையில் 7.5 கொடுத்ததைப் பார்க்காமல் பழக்கத்தில் மூன்று போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? மூன்று மடங்கு. வீட்டில் ஒரே ஒரு அளவு மாத்திரைதான் இருக்க வேண்டும். பழைய அட்டை மிச்சமிருந்தால் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்ஸேட்டோடு இதையும் எழுதித் தருவார்கள். சிலருக்கு வாரத்துக்கு ஒரு நாள் 5 மில்லிகிராம், சிலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் நாளைத் தவிர மற்ற ஆறு நாளும். மருத்துவர் எதைச் சொல்கிறாரோ அது. வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் தொந்தரவு ஆகியவற்றை இது குறைக்கும். "வைட்டமின்தானே, விட்டால் என்ன" என்று விடுகிறவர்கள் நிறைய. விடாதீர்கள்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்துச் சின்ன மாத்திரை. கண்புரை உள்ள நமக்கு இரண்டும் ஒன்றுதான். "ஒன்று வாரத்தில் ஒரு நாள், இன்னொன்று ஆறு நாள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். மாறிப்போனால்? ஆறு நாள் மெத்தோட்ரெக்ஸேட், ஒரு நாள் ஃபோலிக் ஆசிட். இப்படி மாறிப்போன கதைகள் உலகம் முழுக்க உண்டு. என் வீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் தனியாக ஒரு டப்பாவில், பீரோவில் இருக்கும். டப்பா மேல் சிவப்பு மையில் "ஞாயிறு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். ஃபோலிக் ஆசிட் சமையலறையில் சர்க்கரை மாத்திரைகளோடு. வாரம் முழுக்க மாத்திரை போட்டு வைக்கும் கட்டம் கட்டமான டப்பாவில் மெத்தோட்ரெக்ஸேட்டைப் போடவே மாட்டேன். சாப்பிட்டதும் காலண்டரில் அந்த ஞாயிறு தாளின் மூலையில் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் கிழிப்பேன். டிக் போட்டோமா என்று சந்தேகம் வந்தால், அந்த வாரம் இன்னொரு முறை சாப்பிட மாட்டேன், மருத்துவரைக் கேட்பேன். ஒரு வாரம் விட்டுப்போனால் கொஞ்சம் செதில் கூடும். இரண்டு முறை சாப்பிடுவது அதைவிட மோசம்.

இன்னொரு தவறான நம்பிக்கை. மெத்தோட்ரெக்ஸேட் கூடிப்போய்விட்டது என்றால் ஃபோலிக் ஆசிட்டை நாலைந்து விழுங்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் எனக்கு விளக்கினார். ஆகாது. ஃபோலிக் ஆசிட் உடம்பில் வேலை செய்ய ஒரு வாசலைக் கடக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் அடைத்து வைத்திருப்பது அந்த வாசலைத்தான். பூட்டிய கதவுக்கு வெளியே எத்தனை பேர் நின்றால் என்ன? மருத்துவமனையில் என் மைத்துனனுக்கு ஆறு மணிக்கு ஒரு தரம் கொடுத்தது லூகோவோரின் என்ற வேறு மருந்து. அதற்கு ஃபோலினிக் ஆசிட் என்றும் பெயர். பெயரில் சின்ன வித்தியாசம், வேலையில் பெரிய வித்தியாசம். அது வாசலுக்கு உள்ளே இருந்தே வேலை செய்யும். சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். ஆகவே கூடிப்போய்விட்டது என்று தெரிந்தால், வாய்ப்புண் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.

கடைசியாக ரத்தப் பரிசோதனை. இதில் என் கோபம் நம் வயதுக்காரர்கள் மேலே. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, லேப்காரன் சம்பாதிக்க நான் ஏன் ரத்தம் கொடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். அதே ஆட்கள் பண்டிகைத் தள்ளுபடி என்று விளம்பரம் பார்த்து எழுபது பரிசோதனைப் பேக்கேஜுக்குப் பணம் கட்டுவார்கள். இந்த மாத்திரைக்கு எழுபது வேண்டாம். தொடர்ந்து பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம். ஆரம்பிக்கும் முன் இந்த மூன்றோடு மஞ்சள் காமாலைக் கிருமிகள் பி, சி இரண்டுக்கும் ஒரு பரிசோதனை, பழைய டி.பி. இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே. ஆரம்பித்து ஒன்று இரண்டு வாரத்தில் முதல் முறை. அப்புறம் அளவு நிலைக்கும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை. நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாத்திரை சாப்பிடும் காலம் முழுக்க.

எந்த நாளில் ரத்தம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். மாத்திரை சாப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் கல்லீரல் எண்கள் சும்மாவே கொஞ்சம் ஏறும். ஞாயிறு மாத்திரை, திங்கள் ரத்தம் என்றால் பொய்யான பயம். நான் வெள்ளி அல்லது சனிக்கிழமை போவேன், அதாவது ஐந்து நாள் கழித்து, அடுத்த மாத்திரைக்கு முன்னால். எண்கள் கெட்டிருந்தால் ஞாயிற்று மாத்திரையை நிறுத்தவும் அவகாசம் கிடைக்கும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கும் இன்னொரு கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாராயமும் இந்த மாத்திரையும் ஒரே கல்லீரலைத்தான் தாக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றில் நாம் அதிகம் ஏமாறுவது சிறுநீரகத்தில். இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. அது மெதுவானால் மருந்து உள்ளேயே தங்கும். சரியாக வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட்டாலும் கூடிப்போன மாதிரிதான்.

என் கதையைக் கேளுங்கள். போன வருடம் எனக்குக் கிரியாட்டினின் 1.3. லேப் தாளில் 1.3 வரை சரி என்று அச்சடித்திருந்தார்கள். கறுப்பு எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. நான் சந்தோஷமாகத் தாளை மடித்தேன். மருத்துவர் மடிக்க விடவில்லை. பேனா எடுத்து அங்கேயே கணக்குப் போட்டார். 140லிருந்து என் வயது 74ஐக் கழித்தால் 66. அதை என் எடை 58ஆல் பெருக்கினால் 3,828. இதை 72ஆலும், கிரியாட்டினின் 1.3ஆலும் வகுக்க வேண்டும், அதாவது 93.6ஆல். வந்தது சுமார் 41.

"இளைஞனுக்கு நூறுக்கு மேல இருக்கும் சார். உங்க சிறுநீரகம் பாதிக்கும் கீழ வேலை செய்யுது" என்றார்.

அறுபதுக்குக் கீழே வந்தால் மருந்தைக் குறைப்பார்கள், முப்பதுக்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது. எனக்கு வாரம் 15 மில்லிகிராமாக இருந்ததை 7.5 ஆக்கினார். வயதானவர்களுக்குச் சதை குறைவு, அதனால் கிரியாட்டினின் எண் குறைவாகத்தான் தெரியும். லேப் தாளில் நட்சத்திரம் இல்லை என்று நம்பாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் வயதையும் எடையையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். (பெண்களுக்கு வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும்.)

சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் மெதுவாக்குகிற இன்னொரு காரியமும் நாம் செய்கிறோம். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகள். வாந்தி, பேதி வந்து தண்ணீர் குடிக்காமல் கிடந்தாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை இன்னும் மோசம், அதுவும் ஃபோலிக் ஆசிட் வழியைத்தான் அடைக்கும், இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை படுத்துவிடும். எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நான் ஒரு விசிட்டிங் கார்டு அளவுத் தாளில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன்.

என் மைத்துனன் இப்போது களிம்போடு இருக்கிறான். இந்த மாத்திரையின் பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டு வேறு யாரும் மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எனக்கு முதுகில் பல வருடமாகச் செதில் இல்லை. சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடிகிறது. மருந்து நல்ல மருந்துதான்.

அவன் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறாள் அவன் மனைவி. "அண்ணா, இதுல எங்க வாரம்னு எழுதியிருக்கு, காட்டுங்க" என்றாள். காட்டினேன். அந்த வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது கையெழுத்துன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

கிழமையை எழுதுங்கள், ஐயா. முழுதாக எழுதுங்கள்.